ஐந்து பிள்ளைகள் கூடினால் பிறந்தநாள் செலவு எவ்வளவு கூடும்?

"மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். களுவாஞ்சிகுடியில் ஹோல் 20,000, சோடனை 18,000, கேக் 4 கிலோ 12,400, ரிட்டர்ன் கிப்ட் 24 பிள்ளைகளுக்கு 400 படி 9,600. எல்லாம் சேர்த்து 60,000, ஒரு பிள்ளைக்கு 2,500. இப்ப மச்சாள் தன் மூன்று பிள்ளைகளோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டி வருவாவாம். 12,500 கூடுமா? அந்தக் காசைத் தானே தருவதாகவும் சொல்றா, எவ்வளவு என்று சொல்வது? ஹோலில் 75 கதிரை இருக்கு. சாப்பாடு வீட்டில் செய்வதால் சேர்க்கவில்லை."

12,500 கூடாது தங்கச்சி. நீங்கள் எழுதிய விலைகளை அப்படியே வைத்துப் பார்த்தால் 3,700 ரூபா அளவில்தான் கூடும். அந்தத் தொகையில் ஒரு பகுதியையும் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் உங்கள் கணக்கில் ஒரு குறை இருக்கிறது. அது இந்த ஐந்து பேரால் வந்த குறை இல்லை, முதல் 24 பேரிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆரையம்பதியில் பன்னிரண்டு வருஷமாக வீட்டில் கேக் ஓடர் எடுத்துச் செய்கிறேன். அதற்கு முன் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் நான்கு வருஷம் வேலை. அதனால் கேக் கொடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேரைச் சொன்னார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எது மிஞ்சியது, எது போதாமல் போனது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வைப்பது என் பழக்கம். கீழே சொல்வதில் பெருக்கல் வகுத்தலும் கேக்கின் நிறையும் உறுதியானவை. எத்தனை பேர் வருவார்கள் என்பது மட்டும் என் கொப்பியில் பார்த்த வழமை. உங்கள் சொந்தக்காரரை உங்களுக்குத்தான் தெரியும், அந்த இடத்தில் உங்கள் எண்ணிக்கையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த 2,500 எங்கிருந்து வந்தது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். மண்டபமும் சோடனையும் சேர்ந்து 38,000. அதை 24ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 1,583. கேக்கில் ஒரு பிள்ளையின் பங்கு 517. கிப்ட் 400. இந்த மூன்றும் சேர்ந்ததுதான் 2,500. இனி உங்கள் மச்சாளின் மூத்த மகன் மண்டபத்துக்குள் வருகிறான் என்று வையுங்கள். அவன் வந்ததற்காக மண்டபக்காரர் ஒரு சதமும் கூட்டிக் கேட்கப் போவதில்லை. மேசைக்குப் பின்னால் கட்டிய பலூன் வளைவும் உங்கள் மகளின் பெயர்ப் பலகையும் 24 பேருக்கும் அதேதான், 29 பேருக்கும் அதேதான். அப்போ அந்த 1,583 அவனுடைய செலவே இல்லை. 24 பேர் தூக்கிய பாரத்தை 29 பேர் தூக்குகிறார்கள், அவ்வளவுதான். 38,000ஐ 29ஆல் வகுத்தால் 1,310. ஆட்கள் கூடக்கூட தலைக்கணக்கு இறங்குகிறது, மொத்தம் ஏறுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் குழப்பம். கையிலிருந்து போகப் போவது எவ்வளவு என்று தெரிய வேண்டுமென்றால் தலைக்கணக்கைப் பார்க்காமல் மொத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

கிப்ட் தலைக்கு ஒன்று, அதில் ஒளிவு மறைவு இல்லை. கேக் அப்படி இல்லை. அது கிலோவில்தான் ஏறும், அரைக் கிலோவுக்குக் கீழே யாரும் ஓடர் எடுப்பதில்லை. ஓர் ஆள் கூடினாலும் அரைக் கிலோ, எட்டு ஆள் கூடினாலும் அரைக் கிலோ. ஆகவே கேக்கில் கேட்க வேண்டியது ஒரு பிள்ளையின் பங்கு என்ன என்பதை அல்ல, இப்போது ஓடர் கொடுத்த நாலு கிலோவில் இன்னும் எத்தனை துண்டுக்கு இடம் இருக்கிறது என்பதை.

இதில் என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பட்டர் கேக்கின் பழைய அளவு, 250 கிராம் பட்டர், 250 கிராம் சீனி, 250 கிராம் மா, ஐந்து முட்டை. முட்டை ஓடு போக ஒன்று ஐம்பது கிராம் வரும், ஆக மொத்தம் ஒரு கிலோ கலவை. இதைத்தான் பலர் ஒரு கிலோ கேக் என்கிறோம். ஆனால் அவணில் போய் வரும்போது ஈரம் போய் நூறு கிராம் அளவில் குறைந்துவிடும். மேலே பொங்கி நிற்பதைச் சமமாக வெட்டினால் இன்னும் கொஞ்சம் போகும். அப்புறம் ஐசிங் பூசும்போது நிறை திரும்ப ஏறுகிறது. ஆகவே நாலு கிலோ என்று ஒருவர் சொன்னால் அது கலவையின் நிறையா, சுட்ட கேக்கின் நிறையா, ஐசிங்கும் சேர்ந்த நிறையா என்று கேட்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. ஐசிங்கும் சேர்த்து நாலு கிலோ என்றால் உள்ளே மூன்று கிலோ கேக்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டு, பொம்மை, கோட்டை என்று ஐசிங் வேலை கூடினால் அதுவும் குறையும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, ஆளுக்கு ஆள் பேச்சு வழக்கு வேறு. ஓடர் கொடுக்கும்போதே "இதில் எத்தனை துண்டு வெட்டலாம்" என்று கேட்டுவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும். கிலோவைக் கேட்பதைவிட துண்டைக் கேட்பது நல்லது.

துண்டின் அளவும் முக்கியம். கத்தியைக் கையில் எடுத்தவர் பெரிய துண்டாக வெட்டினால் ஒரு கிலோவுக்குப் பன்னிரண்டுதான் வரும், ஒரு துண்டு எண்பது கிராமுக்கு மேல். ஏழு வயதுப் பிள்ளை அதை முடிக்காது. ஐசிங்கை நக்கிவிட்டு மிச்சத்தைத் தட்டில் வைத்துவிடும். விருந்து முடிந்து தட்டுகளைக் கழுவ எடுக்கும்போது இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன். மூன்று விரல் நீளம், மூன்று விரல் அகலம் என்று வெட்டினால் ஒரு துண்டு அறுபது கிராம் அளவில் வரும், கிலோவுக்குப் பதினாறு. நாலு கிலோவில் 64 துண்டு. பெரிதாக வெட்டினால் அதே கேக்கில் 48. ஒரே கேக், வெட்டுகிற கையால் பதினாறு பேரின் பங்கு கூடவோ குறையவோ செய்யும். உறவுக்காரர் ஒருவர் அன்போடு வந்து பெரிது பெரிதாக வெட்டிக் கொடுத்து, பின்வரிசைக்கு வரும்போது தட்டு வெறுமையாக நிற்கும். ஆகவே வெட்டும் ஆள் யார் என்று முதலே தீர்மானித்து, அவருக்கு எண்ணிக்கையைச் சொல்லி வையுங்கள்.

இப்போது உங்கள் கணக்கில் உள்ள குறைக்கு வருகிறேன். 24 பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஊரில் 24 பிள்ளைகளை அழைத்தால் 24 பேரா வருகிறார்கள்? ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக யாரும் மண்டபத்தில் விட்டுவிட்டுப் போவதில்லை. தாய் கூட வருவார், இடுப்பில் ஒன்றோ கையில் பிடித்தபடி ஒன்றோ இருக்கும். ஓட்டோவில் கொண்டுவந்து இறக்கிய தகப்பன் வெளியில் நிற்பார், கேக் வெட்டும் நேரம் அவரையும் உள்ளே கூப்பிடாமல் இருக்க முடியாது. என் கொப்பியின்படி மூன்று பிள்ளைக்கு ஒன்று என்ற அளவில் அழைக்காத தம்பி தங்கச்சி கூட வந்திருக்கிறார்கள். உங்கள் 24க்கு அது எட்டு. தாய்மார் இருபது பேர் என்று வையுங்கள், சிலர் ஒரே வீட்டிலிருந்து வருவார்கள், சிலரைப் பக்கத்து வீட்டம்மா கூட்டி வருவார். உங்கள் வீட்டு ஆட்கள் அம்மம்மா, அப்பப்பா, சித்திமார் என்று பத்துப் பேர். 24, 8, 20, 10. மொத்தம் 62 தலை.

62 தலைக்கு 64 துண்டு. சிறிதாக வெட்டினால் மட்டுமே போதும், பெரிதாக வெட்டினால் மச்சாள் வராமலே பதினான்கு துண்டு குறையும். அன்றைக்கு கேக் குறைந்திருந்தால் பழி யார்மேல் விழுந்திருக்கும் என்று யோசியுங்கள். கடைசியாகச் சேர்ந்த ஐந்து பிள்ளைகள்மேல்.

அந்த எட்டுச் சின்னவர்களின் விஷயம் கேக்கோடு முடியவில்லை. என் மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு நான் அழைத்த பிள்ளைகளை எண்ணி இருபது கிப்ட் கட்டி வைத்தேன். வந்த பிள்ளைகள் 26. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுக்கக் கொடுக்க, கடைசியில் அக்காவின் கையில் பார்சலும் தங்கச்சியின் கை வெறுமையுமாக ஒரு பிள்ளை நின்றது. மூன்று வயது இருக்கும். அது அழவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வீட்டிலிருந்த பென்சில் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்த முகம் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு கேக் ஓடர் தரும் எல்லாரிடமும் சொல்கிறேன், கிப்ட்டை அழைத்த பிள்ளைகளுக்கு எண்ணாதீர்கள், வரக்கூடிய பிள்ளைகளுக்கு எண்ணுங்கள். சின்னவர்களுக்கு 400 ரூபா பொருள் தேவையில்லை. சவர்க்காரக் குமிழி ஊதும் போத்தல், ஒரு சின்னப் பந்து என்று 150க்குள் முடிக்கலாம். ஆனால் அதே நிறப் பையில் போட்டுக் கட்டுங்கள். அந்த வயதுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட தன் கையிலும் ஒரு பை இருக்கிறதா என்பதுதான் பெரிது. எட்டுப் பைக்கு 1,200. இது உங்கள் 60,000இல் விடுபட்ட தொகை. உங்கள் உண்மையான ஆரம்பக் கணக்கு 61,200.

இனி மச்சாளின் ஐந்து பேரைச் சேர்ப்போம். ஐந்து பிள்ளைகள், அவர்களோடு மச்சாளும் பக்கத்து வீட்டுத் தாயும் இரண்டு பேர், ஒரு சின்னப் பிள்ளை என்று எட்டுத் தலை என்று வைக்கிறேன். ஐந்து கிப்ட் 2,000. சின்னவருக்கு 150. கேக்கில் ஏற்கெனவே 62 தலைக்கு 64 துண்டுதான், எட்டுப் பேருக்கு இடமில்லை. அரைக் கிலோ கூட்டினால் எட்டுத் துண்டு, 1,550 ரூபா. மொத்தம் 3,700. ஒரு பிள்ளைக்கு 740. 61,200ஓடு கூட்டினால் 64,900, அதை 29ஆல் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 2,238. முதலில் 24 பேருக்கு 61,200 என்றால் தலைக்கு 2,550 வந்திருக்கும். கூட ஆள் வந்தும் தலைக்கணக்கு 312 ரூபா குறைந்திருக்கிறது. இதில் நீங்கள் வீட்டில் செய்யும் சாப்பாடு இல்லை. அதில் எட்டுத் தலைக்கு ஆகும் சாமானை மட்டும் இந்த 3,700ஓடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த 1,550ஐயும் கொடுக்காமல் தப்ப ஒரு வழி இருக்கிறது. என்னைப் போன்ற கேக்காரருக்கு ஐசிங் வேலை குறையும், ஆனாலும் சொல்கிறேன். நாலரைக் கிலோவையும் ஐசிங் கேக்காக எடுக்காதீர்கள். மேசையில் வைத்து மெழுகுதிரி ஏற்றி மகள் வெட்டுவதற்கு இரண்டு கிலோ ஐசிங் கேக் போதும், படத்துக்கும் அழகாக இருக்கும். பங்கிடுவதற்கு மூன்று கிலோ வெறும் பட்டர் கேக் தட்டில் சுட்டு, துண்டு போட்டு, பெட்டியில் அடுக்கித் தரச் சொல்லுங்கள். உங்கள் ஐசிங் கேக் கிலோ 3,100. நான் வெறும் பட்டர் கேக்கை 2,000க்குக் கொடுக்கிறேன். அந்த விலைப்படி 6,200உம் 6,000உம் சேர்ந்து 12,200. நாலு கிலோவுக்குக் கொடுக்க இருந்ததைவிட 200 குறைவு, கேக் ஐந்து கிலோ, துண்டு 80. எழுபது தலைக்குத் தாராளம். 13,950 ஆகியிருக்க வேண்டிய கேக் 12,200இல் நிற்பதால் மொத்தம் 63,150, தலைக்கு 2,178. வெறும் பட்டர் கேக்கின் விலை உங்கள் பக்கத்தில் வேறாக இருக்கலாம். மாஜரினில் செய்பவர் இன்னும் குறைத்துத் தருவார், வாசத்தில் வித்தியாசம் தெரியும். விலை எதுவானாலும் ஐசிங் இல்லாத கிலோ ஐசிங் உள்ள கிலோவைவிட மலிவாகத்தான் இருக்கும். வெறும் கேக்கில் முழுநிறையும் கேக் என்பதால் ஒவ்வொரு துண்டிலும் சாப்பிட இருப்பதும் கூட.

வெயிலுக்கும் இது நல்லது. வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று வீசும் நாட்களில் பின்னேரம் நாலு மணிக்குக்கூட மண்டபத்துக்குள் சூடு இறங்காது. பட்டர் ஐசிங் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும், பூ இதழெல்லாம் சரியும். நாலரைக் கிலோ ஐசிங் கேக்கை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போவதைவிட இரண்டு கிலோவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எத்தனையோ சுகம். கார்த்திகை, மார்கழி என்றால் வெயில் பிரச்சினை இல்லை, மழைதான். அந்த மாதங்களில் முற்றத்தில் தறப்பாள் கட்டிச் செய்யலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மண்டபத்துக்குக் கொடுக்கும் காசு நியாயமான காசு.

மண்டபத்தைப் பற்றி முன்பு ஒரு சதமும் கூடாது என்றேன். அது கதிரை இருக்கும்வரை மட்டும். உங்களுக்கு 75 கதிரை, 70 தலை. ஐந்து மிச்சம். நாளைக்கு இன்னொரு சொந்தக்காரர் மனைவியோடும் நாலு பிள்ளைகளோடும் வருகிறேன் என்றால் கதிரை தாண்டிவிடும். பெரிய மண்டபத்துக்கு மாறினால் பத்தாயிரம் கூடலாம், அப்போ அந்த நாலு பிள்ளைகளின் மண்டபச் செலவு மட்டும் ஒன்றுக்கு 2,500. நீங்கள் பயந்த தொகை வருவது இந்த இடத்தில்தான். ஆனால் அங்கேயும் அவசரப்பட வேண்டாம். பிள்ளைகள் கதிரையில் இருக்கப் போவதில்லை. முன்னால் நாலைந்து பன்பாயை விரித்துவிட்டால் விளையாட்டும் அங்கே, சாப்பாடும் அங்கே. பிள்ளைகளுக்கு என்று எண்ணிய கதிரையில் பாதிக்கு மேல் காலியாகிவிடும். பெரிய மண்டபத்துக்குப் போக இருந்த காசை மிச்சம் பிடித்தது பாய்தான் என்று சொன்ன வீடுகள் இருக்கின்றன.

மண்டபத்தில் காசு கூடுவது பெரும்பாலும் ஆட்களால் இல்லை, நேரத்தால். இதில் நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். தங்கச்சியின் மகளுக்கு ஒரு மண்டபம் நாலு மணித்தியாலத்துக்கு எடுத்தோம். பின்னேரம் நாலு மணி முதல் எட்டு மணி வரை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சோடனைக்காரர் இரண்டு மணிக்கே வந்து திறப்பு வாங்கி பலூன் கட்டத் தொடங்கினார். முடிந்து காசு கொடுக்கப் போனால் திறப்பு கொடுத்த நேரத்திலிருந்து எண்ணி இரண்டு மணித்தியாலத்துக்கு மேலதிகமாக 5,000 கேட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை, வாதாட வழியில்லை, கொடுத்துவிட்டு வந்தோம். உங்கள் ஐந்து பிள்ளைகளின் முழுச் செலவும் 3,700 என்று பாருங்கள். இரண்டு மணித்தியாலம் அதைத் தாண்டிவிட்டது. ஆகவே முற்பணம் கொடுக்கும்போதே சோடிக்கும் நேரம் வாடகைக்குள் வருமா, கூடினால் மணிக்கு எவ்வளவு, கரண்ட் பில்லும் கூட்டித் துடைக்கும் காசும் வாடகைக்குள்ளா வெளியிலா என்று கேட்டு, பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அழைப்பில் நாலு மணி என்று போட்டால் ஐந்துக்குத்தான் வருவார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

சோடனைக்காரரிடமும் ஒரு கேள்வி. கதிரைக்குத் துணி போட்டு நாடா கட்டுவது 18,000க்குள் வருகிறதா? அப்படியானால் எத்தனை கதிரைக்கு? சோடனையில் தலைக்குத் தலை ஏறக்கூடிய ஒரே விஷயம் அதுதான். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு அது தேவையா என்று கேட்டால், பாயில் இருக்கும் பிள்ளைக்குக் கதிரைத் துணி எதற்கு என்றுதான் எனக்குப் படுகிறது.

கிப்ட்டுக்குத் திரும்ப வருகிறேன், ஏனென்றால் பணத்தைவிட மனக்குறை அதிகம் வருவது அதில். 24க்கு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா என்று எழுதவில்லை. வாங்கவில்லை என்றால் 29ஐயும் ஒரே நாளில் ஒரே கடையில் எடுங்கள். காத்தான்குடியிலோ கல்முனையிலோ மொத்தக் கடைகளில் டசினாகத்தான் கட்டி வைத்திருப்பார்கள். மூன்றாவது டசினைப் பிரித்து ஐந்து தரச் சொன்னால் சிலர் தருவார்கள், சிலர் விலையைக் கொஞ்சம் கூட்டுவார்கள். முழு டசினும் எடுத்தால் 4,800, ஏழு மிஞ்சும். அந்த ஏழு கிப்ட்டையும் அழைக்காமல் வரும் சின்னவர்களுக்குக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கென்று தனியாக வாங்க வேண்டியது இரண்டு பைதான். தனித்தனியாக வாங்கினால் 2,000உம் ஒன்பது சின்னப் பைக்கு 1,350உம் சேர்ந்து 3,350. டசினாக எடுத்தால் 4,800உம் 300உம் சேர்ந்து 5,100. வித்தியாசம் 1,750. பிரித்துத் தர மறுத்தால் மட்டும் டசினை எடுங்கள். முதலே 24 வாங்கிவிட்டீர்கள் என்றால் அதே கடைக்கு நாளைக்கே போங்கள். இரண்டு கிழமை போனால் அதே பொருள் இருக்காது. ஐந்து பேருக்கு மட்டும் வேறு பொருள் கொடுத்தால், விலை கூடியதாக இருந்தாலும், பிந்தி வந்தவர்களுக்கு வேறு கொடுத்தார்கள் என்று பெரியவர்களிடம் ஒரு கதை போகும். ஆண் பிள்ளைக்கு ஒன்று, பெண் பிள்ளைக்கு ஒன்று என்று பிரிப்பதையும் தவிருங்கள். பிரித்தால் இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலதிகம் வைக்க வேண்டும். நிறப்பென்சில் பெட்டி, தண்ணீர்ப் போத்தல் என்று எல்லாருக்கும் பொதுவானதாக இருந்தால் மூன்று நாலு கூடுதலாக வைத்திருந்தாலே போதும்.

மச்சாளிடம் எவ்வளவு சொல்வது என்பதற்கு வருகிறேன். 2,500 படி 12,500 என்று சொன்னால் அது நியாயமில்லை. உங்கள் மகளின் மண்டபத்திலும் சோடனையிலும் ஒரு பங்கை அவர் தலையில் கட்டுகிறீர்கள். அவர் பிள்ளைகள் வராவிட்டாலும் அந்த 38,000 போகத்தான் போகிறது. உங்கள் வீட்டு விசேஷத்துக்கு விருந்தாளியாக வருபவர்களின் கணக்கு, அவர்கள் வருவதால் கூடுவது மட்டும். அது 3,700. வேறு ஒரு நிலையில் என் பதில் மாறும். மச்சாளின் பிள்ளை ஒன்றுக்கும் அந்தக் கிழமைதான் பிறந்தநாள், அதே மேசையில் அதுவும் கேக் வெட்டப் போகிறது, பெயர்ப் பலகையில் இரண்டு பெயர் என்றால் அது இரண்டு வீட்டு விசேஷம். அப்போ மண்டபத்தையும் சோடனையையும் பாதிப்பாதி போட்டு 19,000 வீதம் எடுப்பதும், கேக்கையும் கிப்ட்டையும் அவரவர் அழைத்த தலைக்கணக்கில் பிரிப்பதும்தான் சரி.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதல் நிலைதான் என்று தெரிகிறது. அப்படியானால் என் அபிப்பிராயம், காசாக எதுவும் வாங்காதீர்கள். தரவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றால் ஒரு பொருளைச் சொல்லுங்கள். "அந்த மூன்று கிலோ பட்டர் கேக்கில் ஒரு கிலோ நீங்கள் கொண்டு வாங்க மச்சாள்" என்றால் அவருக்கும் மனம் நிறையும், உங்களுக்கும் 2,000 ரூபா இறங்கும். காசு எண்ணிக் கொடுத்தால் பின்னால் ஒருநாள் ஏதோ ஒரு சண்டையில் அந்தக் கணக்கு வெளியே வரும். பொருளாகக் கொடுத்தது அப்படி வருவதில்லை.

கேக்காரரிடம் மட்டும் பிந்தாமல் சொல்லிவிடுங்கள். ஐசிங் கேக்கின் அளவை மாற்றுவதென்றால் நான் மூன்று நாள் கேட்பேன், ஏனென்றால் தட்டும் பெட்டியும் அதன் அளவுக்குத்தான் எடுத்து வைப்பேன். வெறும் பட்டர் கேக்கைக் கூட்டுவதென்றால் முதல்நாள் காலையில் சொன்னாலும் சுட்டுத் தரலாம். அன்றைக்குக் காலையில் இன்னும் நாலு பேர் வருகிறார்கள் என்று போன் வந்தால், சூடு ஆறாத கேக்கைத் துண்டு போட்டால் உதிர்ந்துவிடும், நல்ல கேக்காரர் அதைச் செய்து தர மாட்டார். அந்த நிலைமையில் ஒரு பேக்கரியில் ஒரு கிலோ வெறும் பட்டர் கேக் வாங்கி உங்கள் பெட்டிக்குள்ளேயே அடுக்கிவிடுங்கள்.